சிரிக்கும் முகத்தில் விழும் டிக்

எழுதத் தெரியாத பிள்ளைகளிடமோ, நாலு வரி படிக்கச் சிரமப்படும் பெரியவர்களிடமோ கருத்துக் கேட்க வேண்டுமென்றால், நமக்கு முதலில் தோன்றுவது ஸ்மைலி முகங்கள்தான். அழுமூஞ்சியில் தொடங்கி வாய்கொள்ளாச் சிரிப்பு வரை ஐந்து வட்டங்களை வரிசையாக அச்சடித்து, ‘ஒன்றில் டிக் போடுங்கள்’ என்று கொடுத்துவிடுகிறோம். தாள்கள் திரும்பி வரும்போது பெரும்பாலானவற்றில் கடைசிச் சிரிப்பில்தான் டிக் விழுந்திருக்கும். நிகழ்ச்சி அமோக வெற்றி என்று அறிக்கை தயாராகிவிடும். ஆனால் அந்த டிக், நிகழ்ச்சியைப் பற்றிக் குழந்தை சொன்னதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த முகத்தைப் பற்றிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

இதை முறையாகக் கண்டறிந்தவர்கள், இத்தகைய அளவுகோலை உருவாக்கியவர்களேதான். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜேனட் ரீட், ஸ்டூவர்ட் மக்ஃபர்லேன் முதலானோர் குழந்தைகளுக்கான கணினி மென்பொருள்களைக் குழந்தைகளை வைத்தே சோதித்துவந்தார்கள். ஒரு விளையாட்டு பிடித்ததா, எவ்வளவு பிடித்தது என்று ஏழு, எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் ‘ஸ்மைலியோமீட்டர்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஐந்து முகங்கள். அவற்றின் கீழே ‘படுமோசம்’, ‘அவ்வளவு நல்லா இல்லை’, ‘நல்லா இருக்கு’, ‘ரொம்ப நல்லா இருக்கு’, ‘பிரமாதம்’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள். நடு முகத்துக்கே ‘நல்லா இருக்கு’ என்று பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நல்ல பக்கத்தில் ஒரு படி கூடுதலாகவே இருந்தது.

அப்படியும் அது போதவில்லை. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘பிரமாதம்’ என்றே குறித்தார்கள். விளையாடுவதற்கு முன்னால் ‘எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டாலும் பிரமாதம். விளையாடி முடித்த பிறகு கேட்டாலும் பிரமாதம். வயது ஏற ஏறத்தான் டிக் மற்ற முகங்களுக்கும் பரவியது. இந்தக் குறையை ரீட் குழுவினரே வெளிப்படையாக எழுதினார்கள். ஸ்மைலியோமீட்டரோடு வேறு முறைகளையும் சேர்த்தே பயன்படுத்தச் சொன்னார்கள். அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

குழந்தைகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கேட்பவர் பெரியவர், அவர் முகம் வாடக்கூடாது என்ற எண்ணம் ஒரு காரணம். வயது இன்னொரு காரணம். கனடாவில் கிறிஸ்டின் சேம்பர்ஸ், சார்லட் ஜான்ஸ்டன் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளைவிட அளவுகோலின் இரண்டு முனைகளையே அதிகம் தொட்டார்கள். அதுவும் உணர்ச்சி சார்ந்த கேள்விகளில் இது தூக்கலாகத் தெரிந்தது. அந்த வயதில் ஒன்று பிடிக்கும், அல்லது பிடிக்காது. ‘ஓரளவுக்குப் பிடிக்கும்’ என்பதைப் பிரித்துச் சொல்வது பிறகு வரும் திறமை.

மூன்றாவது காரணத்தை ஓர் அங்கன்வாடியில் நேரில் பார்த்தேன். நாலரை வயதுப் பெண் குழந்தை, கையில் சிவப்பு கிரேயான். மதிய உணவு எப்படி இருந்தது என்று கேட்டு மூன்று முகங்கள் போட்ட தாளை டீச்சர் அவள் முன் வைத்தார். அவள் சிரிக்கும் முகத்தைப் பார்க்கவே இல்லை. அழுத முகத்தின் மேல் விரலை வைத்து, “டீச்சர், இந்தப் பாப்பா ஏன் அழுவுது?” என்றாள். டீச்சர் “சாப்பாடு பிடிக்கலையாம்” என்றார். உடனே அவள் அந்த முகத்தின் வாய்க்கு மேல் கிரேயானால் இன்னொரு வாயை வரைந்து சிரிக்க வைத்துவிட்டு, “இப்ப பிடிச்சிருச்சு” என்றாள். சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு அந்தத் தாளில் பதிலே இல்லை. நமக்கு அந்த வட்டம் ஓர் அளவு. அவளுக்கு அது ஒரு பாப்பா. பாவமாக இருப்பவரைத் தேற்றுவதும், சிரிப்பவரோடு சேர்ந்துகொள்வதும் அந்த வயதின் இயல்பு. படிவம் வடிவமைப்பவர் முதலில் தாண்ட வேண்டியது இதைத்தான்: ‘இந்த முகம் நீதான்’ என்பது குழந்தைக்குப் புரிய வேண்டும்.

சிரிப்பிலேயே எல்லா டிக்கும் குவிகிறது என்றால் சிரிப்பையே பல படிகளாகப் பிரித்துவிடலாமே என்று நினைத்தார்கள், இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் ஹால், கொலெட் ஹ்யூம், சாரா டாஸிமன் மூவரும். 2016-இல் அவர்கள் வெளியிட்ட ‘மகிழ்ச்சியின் ஐந்து படிகள்’ அளவுகோலில் சோக முகமே கிடையாது. மெல்லிய சிரிப்பில் தொடங்கி, படிப்படியாக விரிந்து, பெருஞ்சிரிப்பில் முடிகிறது. எதிர்மறை முகங்களைக் குழந்தைகள் தொடுவதே அபூர்வம் என்றால் அவை வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். முகங்கள் எல்லாம் சிரித்தபோது பதில்கள் ஒரே இடத்தில் குவியாமல் பரவின.

இந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஆகாது. கதை சொல்லும் நிகழ்ச்சி, பொம்மலாட்டம், புது விளையாட்டு போன்றவற்றில் குழந்தை வந்ததே மகிழ்ச்சிக்காகத்தான். அங்கே ‘எவ்வளவு மகிழ்ச்சி’ என்று மட்டும் கேட்பது நியாயம். பள்ளிக் கழிப்பறை, மருத்துவமனை வார்டு, விடுதிச் சாப்பாடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் படிவத்தில் சிரிக்கும் முகங்களை மட்டும் வைத்தால், குறை சொல்லவே வழியில்லாமல் வாயை அடைப்பதாகிவிடும். ஒரு பிள்ளைக்காவது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லத் தேவைப்படும் இடம் எதுவோ, அங்கே பிடிக்காத முகம் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி அந்த முகத்தை எப்படி வரைவது என்ற கேள்வி. இதில் மருத்துவத் துறை நமக்கு முன்னால் நிறையப் பாடம் கற்றிருக்கிறது. குழந்தைக்கு வலி எவ்வளவு என்று கேட்க, டோனா வாங், கானி பேக்கர் இருவரும் 1980-களில் அமெரிக்காவின் துல்சா நகரில் உருவாக்கிய ஆறு முகங்கள் உலகம் முழுக்க மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகின்றன. முதல் முகம் சிரிக்கிறது. வலி இல்லை என்று பொருள். கடைசி முகத்தில் கண்ணீர் வழிகிறது. சிக்கல் அந்த இரண்டு முனைகளிலும் இருக்கிறது. காலில் வலியே இல்லாத குழந்தைகூட, அம்மா பக்கத்தில் இல்லையே என்ற ஏக்கத்தில் இருந்தால், சிரிக்கும் முகத்தைத் தொடாது; வலி இருப்பதாகக் காட்டும் அடுத்த முகத்தைத்தான் தொடும். சிரிப்பில் தொடங்கும் அளவுகோலில் பிள்ளைகள் வலியைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்பதை மேலே சொன்ன சேம்பர்ஸும், கென்னத் கிரேக் என்ற உளவியலாளரும் 1998-இல் காட்டினார்கள். மறுமுனையில், வலி தாங்க முடியாத பையன் ‘நான் அழவில்லையே’ என்று கண்ணீர் முகத்தை ஒதுக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. இதனால்தான் 2001-இல் வெளிவந்த திருத்திய வலி முகங்களில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. முதல் முகம் சாதாரணமாக இருக்கும். பிறகு புருவமும் கண்ணும் வாயும் படிப்படியாக வலியில் இறுகும்.

கருத்துப் படிவத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். கண்ணீர் வேண்டாம். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் யாரும் அழுவதில்லை. அதனால் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு அழும் முகம் பொருந்தாமல் போகும். புருவம் நெரித்த கோப முகமும் வேண்டாம். கோபம் வேறு, பிடிக்காமை வேறு. திட்டு வாங்குவோமோ என்ற பயத்தையும் அது கிளப்பும். ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் வாயின் வளைவு மட்டும் மாறட்டும்; கண், வட்டத்தின் அளவு, கோட்டின் தடிமன் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். சிரிக்கும் முகத்துக்கு மட்டும் தொப்பியோ பளிச்சென்ற மஞ்சள் நிறமோ கொடுத்தால் பிள்ளை அந்த அழகைத்தான் தேர்ந்தெடுக்கும். பச்சை, சிவப்பு இரண்டையும் தவிர்ப்பது நல்லது. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண்களிடையே கணிசமாக உண்டு. போதாக்குறைக்கு, சிவப்பு மையால் தப்புப் போடும் வகுப்பறைப் பழக்கமும் பிள்ளையின் மனத்தில் இருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போதும்.

படிக்காத பெரியவர்கள் விஷயத்தில் நாம் செய்யும் தவறு வேறு வகை. எழுத்துத்தான் தெரியாது, படம் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். படத்தைப் பார்ப்பதும் பழகி வருவதுதான். ஜப்பானிய ஆய்வாளர் தகாஹாஷியும் உடனுழைத்தவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜப்பான், கேமரூன், தான்சானியா நாடுகளில் மனித முகங்களின் புகைப்படங்களையும் கணினித் திரையில் வரும் ஸ்மைலிகளையும் காட்டிக் கேட்டார்கள். புகைப்படத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா, வருந்துகிறாரா என்பதை மூன்று நாட்டினரும் கண்டுகொண்டார்கள். ஸ்மைலியில் அந்த உணர்ச்சியை ஜப்பானியர் எளிதாகப் படித்தார்கள். கேமரூனின் காட்டோர மக்களுக்கு அது சிரிப்பாகவோ சோகமாகவோ படவில்லை. இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் சேர்ந்தால் மகிழ்ச்சி என்பது, பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும் சங்கதி.

அப்படியானால் புகைப்படம் போட்டுவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புகைப்படத்தில் உள்ள ஆள் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்பதில் கவனம் போய்விடும். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் உடனுழைத்தவர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு அமர்ந்து, எழுத்தே இல்லாத கணினித் திரைகளை வடிவமைத்தார்கள். அங்கே நன்றாக எடுபட்டவை, புகைப்படமும் இல்லாமல் வெறும் குறியீடாகவும் சுருங்கிவிடாமல் இரண்டுக்கும் நடுவில் நின்ற கைச்சித்திரங்கள். கருத்துப் படிவத்து முகத்துக்கும் அதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன். தலைமுடி, காது, மூக்கு உள்ள, ஊரில் பார்க்கக்கூடிய ஒரு முகமாக இருக்க வேண்டும். ஆனால் இன்னார் என்று அடையாளம் தெரியக்கூடாது. அறுபது வயது அம்மாவிடம் பாலர் வகுப்புப் பொம்மையை நீட்டினால் அவர் மனம் சுருங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. பேச்சு வாங்க நேரம் இருந்தால் வாயால் கேட்டு எழுதிக்கொள்வதே மேல். ஆள் இல்லாத இடத்தில் வைக்கும் படிவத்துக்குத்தான் முகங்கள் உண்மையில் தேவைப்படுகின்றன.

இப்போது ஒரு படிவத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைக் கதை நேரம், நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். கதை, பிறகு வண்ணம் தீட்டுதல். இரண்டையும் பற்றிக் கேட்க வேண்டும்.

இந்த வயதுக்கு ஐந்து முகங்களை ஒரே நேரத்தில் காட்டுவது அதிகம். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹார்ட்டரும் ராபின் பைக்கும் 1984-இல் சிறு குழந்தைகளுக்காகச் செய்த படச் சோதனையில் ஓர் அருமையான வழி இருக்கிறது. கேள்வியை அவர்கள் இரண்டாக உடைத்தார்கள். முதலில் இரண்டு படங்கள். நீ எந்தப் பிள்ளை மாதிரி? பிள்ளை ஒன்றைக் காட்டியதும், அதன் கீழே ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம். ரொம்ப அப்படியா, கொஞ்சம்தான் அப்படியா? ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. நம் கையில் நான்கு படி அளவு கிடைத்துவிடுகிறது.

இதையே நம் படிவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அரைத்தாள் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு முகங்கள்: ஒன்று சிரிப்பது, இன்னொன்று வாய் கீழ்நோக்கி வளைந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம். பாதி அட்டைகளில் சிரிப்பு இடப்பக்கம், மறுபாதியில் வலப்பக்கம். கதை சொன்னவர் கேட்கக்கூடாது. அவர் எதிரே உட்கார்ந்தால் எல்லாம் பிரமாதம்தான். நூலகத்துக்கு வரும் வேறொரு அக்கா, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓர் ஓரத்துக்கு அழைத்துக் கேட்கட்டும். கும்பலாகக் கேட்டால் முதல் பிள்ளை தொட்ட முகத்தையே மற்றவர்களும் தொடுவார்கள். ‘பிடிச்சிருந்துச்சா?’ என்று மட்டும் கேட்டால் சின்னப் பிள்ளைகள் ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிடும். ‘கதை கேட்டப்ப நீ இந்த மாதிரி இருந்தியா, இல்ல இந்த மாதிரி இருந்தியா?’ என்று இரண்டு முகங்களையும் தொட்டுக் காட்டிக் கேட்க வேண்டும்.

கதையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பதில் நமக்கே தெரிந்த இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் முழுப் படிவத்திலும் இதுதான் உயிர்நாடி. ‘கசப்பு மருந்து குடிக்கிறப்ப நீ எந்த மாதிரி இருப்ப?’ ‘ஊஞ்சல்ல ஆடுறப்ப?’ மருந்துக்கும் சிரிப்பு, ஊஞ்சலுக்கும் சிரிப்பு என்றால் அந்தப் பிள்ளைக்கு முகங்களின் பொருள் இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் இல்லையென்றால், அந்த அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். பிள்ளையை விளையாடிவிட்டுப் போக அனுமதிக்க வேண்டும். அதற்கு ‘தப்பு’ என்று சொல்லக்கூடாது.

இருபதில் இரண்டு பேர் இப்படிக் கழிந்து, பதினெட்டு அட்டைகள் மிஞ்சுகின்றன என்று கொள்வோம். கதைக்குப் பதினைந்து பேர் பெரிய சிரிப்பு, இரண்டு பேர் சின்னச் சிரிப்பு, ஒருவர் கொஞ்சம் பிடிக்கவில்லை. வண்ணம் தீட்டுதலுக்கு எட்டுப் பெரிய சிரிப்பு, நான்கு சின்னச் சிரிப்பு, நான்கு பேர் கொஞ்சம் பிடிக்கவில்லை, இரண்டு பேர் ரொம்பப் பிடிக்கவில்லை. வழக்கமாக இதை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணாக்கிச் சராசரி போடுவார்கள். கதைக்கு 3.8, வண்ணத்துக்கு 3. இரண்டுமே நல்ல மதிப்பெண்ணாகத் தெரியும். பதினெட்டில் ஆறு பிள்ளைகள் வண்ணம் தீட்டும்போது சந்தோஷமாக இல்லை என்பது அந்த 3-க்குள் மறைந்துபோகிறது. சின்னச் சிரிப்புக்கும் பெரிய சிரிப்புக்கும் இடையே உள்ள தூரமும், சோகத்துக்கும் சின்னச் சிரிப்புக்கும் இடையே உள்ள தூரமும் ஒன்றா என்பது யாருக்கும் தெரியாது. எனவே சராசரி வேண்டாம். எந்த முகத்தில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னாலே போதும். பிறகு அந்த ஆறு பேரிடம் ‘என்னாச்சு?’ என்று கேட்கலாம். தூரிகை பத்தாமல் ஒருவர் மாற்றி ஒருவர் காத்திருந்தார்களோ என்னவோ. காரணத்தைச் சொல்ல முகத்தால் முடியாது.

அட்டைகளைப் புரட்டும்போதே கோளாறு தெரிந்துவிடும். சிரிப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் இடப்பக்கமே தொடப்பட்டிருந்தால், பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை, கைக்கு எட்டியதைத் தொட்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் பெரிய சிரிப்பு என்றால் அதை வெற்றியாக எழுதாமல், ரீட் குழுவினரின் மற்ற இரண்டு முறைகளில் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ‘மறுபடியும்’ அட்டவணை: இதை மறுபடி செய்யலாமா என்று கேட்டு, ‘செய்யலாம்’, ‘பார்க்கலாம்’, ‘வேண்டாம்’ மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்வது. இன்னொன்று, அடுக்குவது: கதை, வண்ணம், பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் கொடுத்து, ரொம்பப் பிடித்ததை முதலில் வைக்கச் சொல்வது. எல்லாவற்றையும் பிரமாதம் என்ற பிள்ளைகூட அடுக்கும்போது ஒன்றைக் கடைசியில் வைத்தாக வேண்டும். மூன்று படங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். நாலாவது வரும்போது முதலில் கேட்டது மறந்துபோகும்.

நூலகர்களே, ஆசிரியர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்து பிள்ளைகளை அழைத்து, முகங்களை மட்டும் காட்டி, ‘இந்த முகம் என்ன சொல்லுது?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பொருளும் நீங்கள் நினைத்த பொருளும் ஒன்றாக இருந்தால் மட்டும் அச்சடியுங்கள்.